பாஸ்புக்கில் திரும்பத் திரும்ப வரும் சிறு பிடித்தம்: மூலத்தைக் கண்டறியும் முறை

சேமிப்புக் கணக்கிலிருந்து பத்து, இருபது ரூபாயாகக் கழிக்கப்படும் தொகைகளுக்கு மூன்று மூலங்களே உண்டு. முதலாவது, வங்கி தன் சேவைக்காக எடுக்கும் கட்டணம். இரண்டாவது, கணக்கு வைத்திருப்பவர் எப்போதோ கையெழுத்திட்டுச் சேர்ந்த காப்பீடு அல்லது ஓய்வூதியத் திட்டத்தின் சந்தா. மூன்றாவது, வெளி நிறுவனம் ஒன்று மாதாமாதம் பணம் எடுத்துக்கொள்ள முன்பே பெற்றிருக்கும் ஆணை. இவை மூன்றிலும் சேராதது மோசடி. எந்தப் பிடித்தமானாலும் அது எந்த வகை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும். யாரிடம் கேட்பது, எப்படி நிறுத்துவது, பணம் திரும்பக் கிடைக்குமா ஆகிய மூன்று கேள்விகளுக்கும் வகைக்கு வகை பதில் மாறும்.

இந்த அதிகாரம் முழுவதும் ஒரே எடுத்துக்காட்டைப் பின்தொடர்கிறது. பெங்களூரு அல்சூரில் பஜார் தெருவை ஒட்டிய பகுதியில் வசிக்கும் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 66, ஓய்வூதியம் வந்து சேரும் கணக்கு ஒன்றே ஒன்று. 2025 ஜூலையில் கிளையிலுள்ள இயந்திரத்தில் பாஸ்புக்கை என்ட்ரி போட்டபோது, ஜூன் மாதக் கடைசியில் 17.70 ரூபாய் கழிந்திருப்பதைக் கண்டார். முந்தைய பக்கங்களைப் புரட்டியபோது அதே தொகை மார்ச்சிலும் இருந்தது. கவுன்டரில் கேட்டதற்கு, “அது பேங்க் சார்ஜ் மேடம், எல்லாருக்கும் பிடிக்கறதுதான்” என்ற பதில் கிடைத்தது. தவறான பதில் அல்ல. ஆனால் எந்தச் சேவைக்கான கட்டணம், எந்த விகிதத்தில், எந்தக் காலத்துக்கு என்ற மூன்றும் அதில் இல்லை.

முதல் படி: வரிகளைத் தனியே எடுத்து எழுதுதல்

பாஸ்புக்கை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் சிறு பிடித்தம் கண்ணில் படாது. ஓய்வூதிய வரவு, ஏடிஎம் எடுப்பு, மின்கட்டணம் ஆகியவற்றின் பெரிய எண்களுக்கு நடுவே அது மறைந்துவிடும். ஆகவே ஒரு தாளில் நான்கு பத்திகள் போட்டு, நூறு ரூபாய்க்குக் குறைவான பற்றுகளை மட்டும் தேதி, தொகை, விவரம், அன்றைய இருப்பு என்ற வரிசையில் எழுத வேண்டும். குறைந்தது இரண்டு ஆண்டுகளாவது பின்னோக்கிப் போக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பிடித்தம் இரண்டு முறையாவது தென்பட்டால்தான் அது திரும்ப வருகிறது என்பது தெரியும்.

இங்கே ஒரு தடை வரலாம். நீண்ட காலம் என்ட்ரி போடாமல் விட்டால், சில வங்கிகளின் இயந்திரம் இடைப்பட்ட நடவடிக்கைகளை ஒன்றாகக் கூட்டி ஒரே வரியாக அச்சிட்டுவிடும். அந்த வரிக்குள் எத்தனை பிடித்தம் இருக்கிறது என்பதை பாஸ்புக்கிலிருந்து அறிய முடியாது. அத்தகைய இடைவெளி இருந்தால் அந்தக் காலத்துக்கு மட்டும் கணக்கு அறிக்கை கேட்டு வாங்க வேண்டும். கிளையில் அச்சிட்டுத் தருவதற்குக் கட்டணம் இருக்கக்கூடும் என்பதால் தேவையான மாதங்களை மட்டும் குறிப்பிட்டுக் கேட்பது நல்லது.

ஆசிரியையின் பட்டியலில் 2023 செப்டம்பர் முதல் 2025 ஜூன் வரை 17.70 ரூபாய் எட்டு முறை வந்திருந்தது, மொத்தம் 141.60 ரூபாய். அதோடு 2024 மே மாதக் கடைசியிலும் 2025 மே மாதக் கடைசியிலும் 20 ரூபாய் ஒவ்வொரு முறை கழிந்திருந்தது. இந்த இரண்டாவது பிடித்தத்தை அவர் அதுவரை கவனித்திருக்கவில்லை.

இரண்டாம் படி: தொகையை 1.18 ஆல் வகுத்தல்

வங்கி தன் சேவைக்கு வாங்கும் கட்டணத்தின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. வங்கிகள் பெரும்பாலும் கட்டணத்தை முழு ரூபாயில் வைக்கின்றன. வரி சேர்ந்த பிறகுதான் காசுக் கணக்கு வருகிறது. ஆகவே கழிந்த தொகையை 1.18 ஆல் வகுத்தால் வரிக்கு முந்தைய கட்டணம் வெளிப்படும். விடை முழு எண்ணாக வந்தால் அது வங்கிக் கட்டணமாக இருக்கும் வாய்ப்பே அதிகம்.

17.70 ஐ 1.18 ஆல் வகுத்தால் சரியாக 15 வருகிறது. 20 ஐ வகுத்தால் 16.949 என்று முடிவில்லாமல் போகிறது. ஆகவே 17.70 என்பது 15 ரூபாய் கட்டணமும் 2.70 ரூபாய் வரியும் சேர்ந்தது. 20 ரூபாய் வேறு வகையைச் சேர்ந்தது. முழு ரூபாயாக இருப்பதாலேயே ஒரு தொகை வங்கிக் கட்டணம் அல்ல என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 59, 118, 236, 295 ஆகியவை பார்வைக்கு முழு எண்கள். ஆனால் அவை முறையே 50, 100, 200, 250 ரூபாய் கட்டணத்தின் வரி சேர்ந்த உருவங்கள்.

சில வங்கிகள் கட்டணத்தையும் வரியையும் தனித்தனி வரிகளாக அச்சிடும். அப்போது 15.00 என்ற ஒரு வரியும், மத்திய வரி, மாநில வரி என்று 1.35 ரூபாய் வீதம் இரண்டு வரிகளும் அடுத்தடுத்து வரும். இந்த மூன்றும் ஒரே பிடித்தம்தான் என்பதை அறியாதவர் மூன்று தனிப் பிடித்தங்களைத் தேடி அலைய நேரும்.

பிடித்தம் எப்போது தொடங்கியது என்பதைக் காணவும் இந்தக் கணக்கு உதவும். ஜிஎஸ்டி 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய ஓராண்டில் சேவை வரி, அதன் மேல்வரிகளோடு சேர்ந்து 15 விழுக்காடாக இருந்தது. எனவே அதே 15 ரூபாய் கட்டணம் 2017 ஜூன் வரையிலான பாஸ்புக்கில் 17.25 என்று இருக்கும். ஆசிரியை பழைய பாஸ்புக்கைத் தேடி எடுத்துப் பார்த்தபோது 2017 மார்ச்சில் 17.25 கண்ணில் பட்டது. தொகை மாறியிருந்தாலும் கட்டணம் அதேதான். இந்தப் பிடித்தம் எட்டு ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து வந்திருக்கிறது.

மூன்றாம் படி: இடைவெளியைப் பார்த்தல்

தொகை, பணத்தை எடுத்தது யார் என்பதைச் சொல்லும். எதற்காக என்பதைச் சொல்வது இரண்டு பிடித்தங்களுக்கு இடையிலான காலம். ஒரே தொகை இரண்டு வெவ்வேறு காரணங்களுக்காகக் கழிக்கப்படலாம் என்பதற்கு இதே 17.70 ரூபாயைப் பற்றிய நாடறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு.

குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்குகளில், ஜன் தன் கணக்குகள் உட்பட, மாதத்துக்கு நான்குக்கு மேற்பட்ட எடுப்புகளுக்கு பாரத ஸ்டேட் வங்கி ஒவ்வொன்றுக்கும் 17.70 ரூபாய் பிடித்து வந்தது. கடையில் யுபிஐ வழியாகவோ ரூபே அட்டையிலோ செலுத்திய சில்லறைத் தொகையும் எடுப்பாகவே எண்ணப்பட்டது. ஐஐடி பம்பாயின் புள்ளியியல் பேராசிரியர் ஆஷிஷ் தாஸ் 2021 இல் வெளியிட்ட அறிக்கை இதை வெளிக்கொணர்ந்தது. 2017 ஏப்ரல் முதல் 2019 டிசம்பர் வரை சுமார் 14 கோடி நடவடிக்கைகளுக்காக 254 கோடி ரூபாய்க்கு மேல் வசூலானது என்று அவர் கணக்கிட்டார். யுபிஐ, ரூபே போன்ற வழிகளுக்காக 2020 ஜனவரி 1 முதல் வாங்கிய கட்டணங்களைத் திருப்பித் தருமாறு மத்திய நேரடி வரிகள் வாரியம் 2020 ஆகஸ்ட் 30 அன்று எல்லா வங்கிகளுக்கும் அறிவுறுத்தியது.

அந்தக் கணக்குகளில் 17.70 ரூபாய் மாதத்தின் பிற்பகுதியில், ஐந்தாவது எடுப்பிலிருந்து, ஒரே வாரத்தில் பலமுறைகூட வரும். ஒரு மாதம் வந்து அடுத்த மாதம் வராமலும் போகும். எடுப்பு கூடினால் பிடித்தமும் கூடும். ஆசிரியையின் பட்டியல் அப்படி இல்லை. எட்டில் ஆறு பிடித்தங்கள் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களின் கடைசி நாட்களில் வந்திருந்தன. ஆகவே அது காலாண்டுக் கட்டணம். நடவடிக்கைக்கு இவ்வளவு என்று எடுக்கப்பட்டது அல்ல.

மீதி இரண்டும் அடுத்த மாதத்தின் தொடக்கத்தில் வந்திருந்தன. இருப்புப் பத்தி அதற்கு விளக்கம் தந்தது. அந்த இரண்டு காலாண்டுகளின் முடிவிலும் கணக்கில் பத்து ரூபாய்கூட இல்லை. இருப்பு போதாதபோது வங்கியின் கணினி கட்டணத்தை நிலுவையில் வைத்து, அடுத்த வரவு வந்ததும் எடுத்துக்கொள்கிறது. ஓய்வூதியம் வந்த அன்றே அந்த 17.70 கழிந்ததால், ஓய்வூதியத்திலிருந்தே ஏதோ பிடிக்கிறார்கள் என்று அவர் முதலில் நினைத்தார். ஓய்வூதியத்தில் பிடித்தம் இருந்தால் கணக்குக்கு வரும் தொகையே குறைந்து வரும். தனிப் பற்று வரி வராது.

ஏடிஎம் கட்டணம் என்ற ஐயத்தையும் இதே முறையில் தீர்க்கலாம். பெங்களூரு போன்ற பெருநகரங்களில் பிற வங்கி ஏடிஎம்மில் மாதம் மூன்று முறைதான் இலவசம்; இருப்பு பார்ப்பதும் அந்த எண்ணிக்கையில் சேரும். அதற்கு மேல் பணம் எடுத்தால் 2022 ஜனவரி முதல் அதிகபட்சம் 21 ரூபாய், 2025 மே 1 முதல் 23 ரூபாய், வரியோடு 24.78, 27.14 ரூபாய். அந்த எண்கள் ஆசிரியையின் பட்டியலில் இல்லை.

நான்காம் படி: விவரப் பத்தியைப் படித்தல்

2017 ஜூன் 22 அன்று ரிசர்வ் வங்கி விடுத்த அறிவுறுத்தல், பாஸ்புக்கிலும் கணக்கு அறிக்கையிலும் ஒவ்வொரு வரியிலும் குறைந்தபட்சம் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியலிடுகிறது. வங்கிக் கட்டணமானால் அதன் தன்மையும், எதற்காக என்ற காரணம் சுருக்கமாகவும் அச்சாக வேண்டும். எஸ்எம்எஸ் கட்டணம், ஏடிஎம் கட்டணம் ஆகியவை அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டுள்ளன. வெறுமனே ‘சார்ஜ்’ என்று மட்டும் அச்சிட்டிருந்தால் விளக்கம் கேட்கக் கணக்கு வைத்திருப்பவருக்கு உரிமை உண்டு.

சுருக்கெழுத்து வங்கிக்கு வங்கி மாறினாலும் வகையைப் பிரித்தறிய சில அடையாளங்கள் போதும். `SMS CHRG` போல ‘சார்ஜ்’ என்பதன் சுருக்கம் இருந்தால் வங்கிக் கட்டணம். `PMSBY`, `PMJJBY`, `APY` என்றிருந்தால் அரசுத் திட்டச் சந்தா. `ACH D` அல்லது `NACH` என்று தொடங்கி ஒரு நிறுவனத்தின் பெயரும் நீண்ட எண்ணும் வந்தால் வெளி நிறுவனத்துக்குக் கொடுத்த ஆணை. `UPI` என்ற எழுத்துகளோடு மாதாமாதம் ஒரே தேதியில் ஒரே தொகை வந்தால் அது பெரும்பாலும் கைபேசியில் ஒப்புதல் தந்த ஆட்டோபே.

ஆசிரியையின் பாஸ்புக்கில் 20 ரூபாய் வரியில் `PMSBY` என்று இருந்தது. அது 2015 இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா யோஜனா என்ற விபத்துக் காப்பீடு. காப்பீட்டு ஆண்டு ஜூன் 1 முதல் மே 31 வரை என்பதால் சந்தா மே மாதக் கடைசியில் கழியும். தொடக்கத்தில் ஆண்டுக்கு 12 ரூபாயாக இருந்த சந்தா 2022 ஜூன் முதல் 20 ரூபாயானது. விபத்தில் இறந்தால் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 70 வயது வரை செல்லும். தனக்கு இப்படி ஒரு காப்பீடு இருப்பதே ஆசிரியைக்குத் தெரியவில்லை என்றால் அவருடைய வாரிசுகளுக்கும் தெரியாது. தெரியாத காப்பீட்டை யாரும் கோரப்போவதில்லை. இந்த வரியை நிறுத்துவதா, நியமனதாரர் பெயரைச் சரிபார்த்து வைத்துக்கொள்வதா என்பது அவருடைய விருப்பம். அவர் வைத்துக்கொண்டார்.

ஆனால் ஓய்வுபெற்றவரின் பாஸ்புக்கில் `PMJJBY` என்ற 436 ரூபாய் வரி இருந்தால் அதை உடனே கேள்விக்கு உட்படுத்த வேண்டும். அந்த ஆயுள் காப்பீட்டில் 50 வயது வரைதான் சேர முடியும். 55 வயதோடு காப்பு முடிந்துவிடும். அறுபதைக் கடந்தவரிடம் அந்தச் சந்தா பிடிக்கப்பட்டால், பணம் போகும், காப்பு இருக்காது. வங்கிப் பதிவில் பிறந்த தேதி தவறாக இருப்பது இதற்கு ஒரு காரணமாகலாம்.

17.70 ரூபாய் வரியின் சுருக்கம் எஸ்எம்எஸ் கட்டணம் என்று காட்டியது. இங்கேதான் ஆசிரியைக்கு உண்மையான கேள்வி எழுந்தது. அவருடைய கைபேசிக்கு வங்கியிலிருந்து ஒரு செய்திகூட வருவதில்லை.

ஐந்தாம் படி: எழுத்தில் கேட்டல்

வாய்மொழியாகக் கேட்பதற்குப் பதிவு இல்லை. பின்னால் மேல்முறையீடு செய்ய நேர்ந்தால் முதலில் வங்கியிடம் எழுத்தில் கேட்டதற்கான சான்று தேவை. கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்க வேண்டும். பெங்களூருக் கிளையில் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுவதே வேலையை விரைவுபடுத்தும். தமிழ்க் கடிதம், படிக்கத் தெரிந்த ஊழியர் வரும்வரை மேசையில் கிடக்கக்கூடும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு கிளையின் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். முத்திரை தர மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளலாம்.

ஆசிரியை 2025 ஜூலை 14 அன்று கொடுத்த கடிதத்தில் எட்டுப் பிடித்தங்களின் தேதியும் தொகையும் ஒரு சிறு அட்டவணையாக இருந்தன. அதன் கீழே நான்கு கேள்விகள்:

1. இந்தக் கட்டணம் எந்தச் சேவைக்கு, வங்கியின் கட்டணப் பட்டியலில் எந்த இனத்தின் கீழ் பிடிக்கப்பட்டது?
2. எந்தக் கைபேசி எண்ணுக்குச் செய்திகள் அனுப்பப்பட்டன?
3. ஒவ்வொரு காலாண்டிலும் எத்தனை செய்திகள் அனுப்பப்பட்டன?
4. பட்டியலில் உள்ள விகிதப்படி கணக்கிட்டால் வரவேண்டிய தொகை எவ்வளவு?

மூன்றாவது கேள்விக்கு அடிப்படை ரிசர்வ் வங்கி 2013 நவம்பர் 26 அன்று விடுத்த அறிவுறுத்தல். எஸ்எம்எஸ் கட்டணத்தை எல்லா வாடிக்கையாளரிடமும் உண்மையான பயன்பாட்டின் அடிப்படையில் வாங்க வேண்டும் என்று அது வங்கிகளிடம் கூறியது. அதன்பின் பல வங்கிகள் செய்திக்கு இவ்வளவு காசு, காலாண்டுக்கு இவ்வளவுக்கு மேல் இல்லை என்ற முறைக்கு மாறின. சில வங்கிகள் கட்டணத்தையே நீக்கிவிட்டன. பாரத ஸ்டேட் வங்கி 2020 இல் சேமிப்புக் கணக்குகளுக்கு நீக்கியது. மூத்த குடிமக்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் விலக்கு தரும் வங்கிகளும் உண்டு. ஆகவே கடிதம் எழுதுமுன் வங்கியின் இணையதளத்தில் உள்ள சேவைக் கட்டணப் பட்டியலின் அந்தப் பக்கத்தை அச்செடுத்து இணைக்க வேண்டும். வங்கி தானே வெளியிட்ட பட்டியலை மீறியிருக்கிறது என்று காட்டுவதைவிட வலுவான வாதம் வேறில்லை.

ஆசிரியையின் வங்கிப் பட்டியலின்படி 2023 ஜூலை 1 முதல் செய்திக்கு 25 காசு, காலாண்டுக்கு அதிகபட்சம் 15 ரூபாய், வரி தனி.

கிளையின் பதிலும் கணக்கும்

ஆகஸ்ட் 1 அன்று வந்த பதில் இரண்டு விவரங்களைத் தந்தது. எட்டுக் காலாண்டுகளில் அனுப்பிய செய்திகள் மொத்தம் 112. அவை அனுப்பப்பட்ட எண், கணக்கு தொடங்கியபோது ஆசிரியை கொடுத்த பழைய எண். ரீசார்ஜ் செய்யாமல் விட்டதால் அது அவர் கையைவிட்டுப் போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த புதிய எண் வங்கிக்கு மட்டும் தெரியாமலே இருந்தது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 112 செய்திகளுக்கு 25 காசு வீதம் 28.00 ரூபாய். அதற்கு 18 விழுக்காடு வரி 5.04. மொத்தம் 33.04 ரூபாய். பிடித்தது 141.60. கூடுதலாக எடுத்தது 108.56 ரூபாய். கணக்கு பழைய நிலையான கட்டண அமைப்பிலேயே விடப்பட்டிருந்ததால், பட்டியல் மாறிய பிறகும் கணினி ஒவ்வொரு காலாண்டும் 15 ரூபாயையே எடுத்து வந்திருந்தது. கிளை 108.56 ரூபாயைத் திரும்ப வரவு வைத்தது.

மீதி 33.04 ரூபாயையும் ஆசிரியை கேட்டார். தன் கைக்கு வராத செய்திக்குத் தான் ஏன் கட்ட வேண்டும் என்பது அவர் வாதம். எண் மாறியதைத் தெரிவிப்பது வாடிக்கையாளரின் பொறுப்பு என்று கிளை மறுத்தது. 2023 ஜூலைக்கு முந்தைய பிடித்தங்களுக்கும் பணம் திரும்பவில்லை. அப்போதைய பட்டியலில் காலாண்டுக்கு 15 ரூபாய் என்றே இருந்ததாகக் கிளை பதிலளித்தது. இரண்டையும் அவர் மேலே கொண்டுபோகவில்லை.

பழைய எண் பதிவில் இருப்பதன் அபாயம்

திரும்பக் கிடைத்த பணத்தைவிட இந்த விசாரணையில் வெளிப்பட்ட பழைய எண் முக்கியமானது. பயன்பாட்டிலிருந்து நின்ற கைபேசி எண்ணைத் தொலைபேசி நிறுவனங்கள் நிரந்தரமாக ஒதுக்கி வைப்பதில்லை. இணைப்பு துண்டிக்கப்பட்டு 90 நாட்கள் கழிந்த பிறகு அது இன்னொருவருக்கு வழங்கப்படலாம். அப்படி வழங்கப்பட்டிருந்தால், இந்தக் கணக்கின் இருப்பும் ஓய்வூதியத் தேதியும், சில சமயம் ஒருமுறைக் கடவுச்சொல்லும், அறிமுகமில்லாத ஒருவரின் கைபேசிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அனுமதியில்லாத மின்னணு நடவடிக்கைகளில் வாடிக்கையாளரின் பொறுப்பைப் பற்றி ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று விதி வகுத்தது. தவறு வங்கியுடையதாகவும் இல்லாமல், வாடிக்கையாளருடையதாகவும் இல்லாமல் மூன்றாம் தரப்பால் நேர்ந்திருந்தால், வங்கியின் அறிவிப்பு கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால் ஒரு வரம்பு வரை அவர் ஏற்க வேண்டும். அறிவிப்பே கைக்கு வராதவர், மாதத்துக்கு ஒருமுறை பாஸ்புக் பார்த்து அந்தக் கெடுவைப் பிடிக்க முடியாது. ஆகவே எஸ்எம்எஸ் கட்டணம் சிறு தொல்லை என்று அந்தச் சேவையையே நிறுத்தச் சொல்லக் கூடாது. எண்ணை மாற்றுவதே தீர்வு. கிளைக்கு நேரில் சென்று, அடையாளச் சான்றுடன் எண் மாற்றப் படிவம் கொடுத்து, புதிய எண்ணுக்கு முதல் செய்தி வரும்வரை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும்.

பிற வகைகளை நிறுத்தும் வழி

திட்டச் சந்தாவானால் கிளையில் எழுதிக் கொடுத்து தானியங்கிப் பிடித்தத்தை நிறுத்தலாம். அடுத்த சந்தா கழிவதற்கு முன், அதாவது மே மாத நடுப்பகுதிக்குள் கொடுப்பது நல்லது. ‘நான் கையெழுத்திடவே இல்லை’ என்பவர் ஒப்புதல் படிவத்தின் நகலைக் கேட்க வேண்டும். படிவத்தைக் காட்ட முடியாவிட்டால் எடுத்த சந்தாவைத் திருப்பிக் கேட்பதற்கு அதுவே ஆதாரம்.

வெளி நிறுவனத்தின் ஆணையானால் இரண்டு இடத்திலும் நிறுத்த வேண்டும். நிறுவனத்திடம் மட்டும் சொன்னால் ஆணை உயிரோடு இருக்கும். வங்கியில் மட்டும் ரத்து செய்தால் அந்த நிறுவனத்துக்கான பாக்கி அப்படியே நிற்கும். வங்கியில் ரத்து கேட்கும்போது விவரப் பத்தியில் உள்ள ஆணை எண்ணைக் குறிப்பிட வேண்டும். கணக்கில் பணம் வைக்காமல் விட்டு ஆணையைத் திருப்புவது வழியல்ல. திரும்பும் ஒவ்வொரு முறையும் வங்கி தனிக் கட்டணம் பிடிக்கும், ஒரு சிறு பிடித்தம் போய் அதைவிடப் பெரியது வந்து சேரும். யுபிஐ ஆட்டோபேயை அந்தச் செயலியிலுள்ள ஆட்டோபே பகுதியிலேயே ரத்து செய்யலாம்.

எந்த வகையிலும் சேராத பிடித்தமானால் கடிதம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே வங்கியின் உதவி எண்ணுக்குச் சொல்லி அட்டையையும் மின்னணுச் சேவையையும் முடக்கி, 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணிலும் புகார் பதிய வேண்டும்.

பதில் வராவிட்டால்

வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021 நவம்பர் 12 அன்று தொடங்கிய இந்த ஏற்பாட்டுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. cms.rbi.org.in என்ற தளத்திலோ, சண்டிகரிலுள்ள ரிசர்வ் வங்கியின் மையத்துக்குத் தபாலிலோ புகார் அனுப்பலாம். எப்படி எழுதுவது என்ற ஐயங்களுக்கு 14448 என்ற எண் உண்டு. இந்தி, ஆங்கிலம் தவிரத் தமிழ், கன்னடம் உட்பட வட்டார மொழிகளிலும் அங்கே பேசலாம் என்பது கன்னடம் எழுதப் படிக்கத் தெரியாத அல்சூர்த் தமிழர்களுக்கு உதவியானது.

புகாரை எழுதும் விதத்தில் ஒரு வரம்பை நினைவில் வைக்க வேண்டும். வங்கியின் வணிக முடிவுகளைக் குறைதீர்ப்பாளர் விசாரிப்பதில்லை. ‘இந்தக் கட்டணம் அதிகம்’ என்ற புகார் தள்ளுபடியாகும். ‘வெளியிட்ட பட்டியலின்படி 33.04 ரூபாய் வரவேண்டிய இடத்தில் 141.60 ரூபாய் எடுத்திருக்கிறார்கள்’ என்ற புகார் விசாரணைக்கு ஏற்றது. முத்திரையிட்ட கடிதப் பிரதி, பாஸ்புக் பக்கங்களின் நகல், கட்டணப் பட்டியலின் பக்கம் ஆகிய மூன்றையும் இணைக்க வேண்டும்.

சரிசெய்யப்பட்டதைச் சோதித்தல்

பணம் திரும்பியதோடு விசாரணை முடிவதில்லை. கணினியில் பழைய அமைப்பு மாற்றப்படாவிட்டால் அடுத்த காலாண்டிலும் அதே தொகை கழியும். எண் மாறிய பின் வரும் முதல் முழுக் காலாண்டின் கடைசியில் கழியும் தொகையை, அந்தக் காலாண்டில் கைபேசிக்கு வந்த செய்திகளை எண்ணி ஒப்பிட வேண்டும். புதிய எண்ணுக்கு 16 செய்திகள் வந்திருந்தால் 4 ரூபாயும் வரி 72 காசும் சேர்ந்து 4.72 ரூபாய் கழிய வேண்டும். ஒருமுறைக் கடவுச்சொல், விளம்பரம் ஆகியவற்றைச் சில வங்கிகள் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை என்பதால் கழிந்த தொகை இதைவிடக் குறைவாக இருக்கலாம். கூடுதலாக இருக்கக் கூடாது. மறுபடியும் 17.70 வந்தால், முன்பு கொடுத்த கடிதத்தின் தேதியையும் கிளையின் பதிலையும் மேற்கோள் காட்டி, இம்முறை கிளைக்கு அல்லாமல் வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு நேரடியாக எழுத வேண்டும்.